மெல்லச் சுற்றும் ஃபேன்: கன்டென்சரா, பேரிங்கா?

சித்திரை வெயிலில் மேலே ஃபேன் ஓடுகிறது, காற்றுதான் கீழே வருவதில்லை. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கூடவே ‘உம்ம்’ என்று ஓயாத ஒரு முனகல். இந்த நிலையில் நம் வீடுகளில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “கன்டென்சர் போயிருக்கும், மாத்திடுங்க.” பல நேரம் அது சரியாகவே இருக்கும். சரியில்லாத நேரங்களில், புதுக் கன்டென்சர் போட்ட பிறகும் ஃபேன் பழையபடியே சுற்றும். அடுத்ததாக “காயில் போச்சு” என்பார்கள். நல்ல காயில் உள்ள ஃபேன் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். பேரிங்கை மாற்றியிருந்தால் அது இன்னும் பல கோடைகளுக்கு ஓடியிருக்கும்.

கன்டென்சர் பழுதில் மோட்டாருக்குத் தள்ளும் விசை குறைகிறது. பேரிங் பழுதில் விசை முழுதாக இருந்தும் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. இரண்டிலும் வேகம் குறையும், இரண்டிலும் சத்தம் வரும். இவற்றைப் பிரித்தறிய முதலில் ஏணி வேண்டாம், ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். காதும் சுவிட்சும் போதும்.

ஃபேனை முழு வேகத்தில் ஓட விடுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, ஜன்னல்களையும் சாத்திவிட்டு, சத்தத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சுவிட்சை அணையுங்கள். இறக்கைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நொடியில் சத்தம் என்ன ஆகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சுவிட்ச் அணைந்த கணமே முனகல் அறுந்து, இறக்கை காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும் மிஞ்சினால், அந்தச் சத்தம் மின்சாரத்தால் வந்தது. மாறாக, மின்சாரம் போன பிறகும் ‘கர்ர்… கர்ர்…’ என்று சத்தம் தொடர்ந்து, சுற்று குறையக் குறைய அதுவும் தணிந்து, ஃபேன் நிற்கும்போதுதான் அடங்கினால், அது உராய்வின் சத்தம். பெரும்பாலும் பேரிங்.

இதற்குக் காரணம் எளிது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் காயிலைச் சுற்றிய காந்தம் இரண்டு தடவை வலுத்து இரண்டு தடவை தளர்கிறது. ஆகவே மோட்டாரின் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. நாம் கேட்கும் ‘உம்ம்’ அதுதான். ஃபேன் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் இந்த முனகலின் சுருதி மாறாது. மின்சாரம் நின்றால் உடனே நின்றுவிடும். பேரிங் சத்தமோ சுற்றோடு பிறந்து சுற்றோடு ஏறி இறங்கும். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இனி ஃபேன் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பேரிங் நன்றாக இருந்தால் வேகம் சீராகக் குறைந்து, கடைசிச் சில சுற்றுகள் மிக மிக மெதுவாகப் போய், எப்போது நின்றது என்றே தெரியாமல் நிற்கும். பேரிங் இறுகியிருந்தால் கடைசிச் சுற்று முடிவதற்குள் சட்டென்று பிடித்தாற்போல் நின்றுவிடும். எவ்வளவு நேரத்தில் நிற்க வேண்டும் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாது; இறக்கையின் எடைக்கும் அகலத்துக்கும் ஏற்ப அது மாறும். பக்கத்து அறையில் நன்றாக ஓடும் அதே அளவுள்ள ஃபேனையும் ஒரே நேரத்தில் அணைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

கன்டென்சர் என்னதான் செய்கிறது? சாதாரண ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் உண்டு. ஒன்று ரன்னிங் காயில், மற்றொன்று ஸ்டார்ட்டிங் காயில். வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மின்சாரம். ஒரே காயிலில் அதைச் செலுத்தினால் காந்தம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்குமே தவிர எந்தப் பக்கமும் சுழற்றாது. சைக்கிளில் ஒரு பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது அதை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது அல்லவா? மற்றொரு காலும் சரியான கோணத்தில் மிதிக்கும் நிலையில் இருந்தால்தான் உருளும். கன்டென்சர் அந்த இரண்டாவது காலை உண்டாக்குகிறது. அது ஸ்டார்ட்டிங் காயிலோடு தொடராக இணைந்து, அதற்குள் போகும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் ரன்னிங் காயிலுக்கு முந்திக்கொள்ளும்படி செய்கிறது. ஒரு காயில் தளரும்போது மற்றது வலுக்கும். இப்படி மாறி மாறி இழுப்பதால்தான் காந்தப்புலம் சுழல்கிறது. அதைத் துரத்திக்கொண்டு ஃபேனின் வெளிக்கூடும் சுழல்கிறது.

பெயர்தான் ஸ்டார்ட்டிங் காயிலே தவிர, ஃபேன் கிளம்பிய பிறகும் அது வேலையை விடுவதில்லை. சுற்றும் நேரமெல்லாம் கன்டென்சரும் சேர்ந்து உழைக்கிறது. அதனால்தான் கன்டென்சர் பலவீனமானால் கிளம்பத் திணறுவதோடு ஓட்ட வேகமும் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள 1200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 முதல் 400 முறை சுற்றும். அந்த வேகத்தில் இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது.

கன்டென்சர் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. அதற்குள் இருப்பது உலோகப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்ச் சுருள். மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது தாளில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். உடனே அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி, ஓட்டையை மின்சாரத்திலிருந்து துண்டித்துவிடும். கன்டென்சர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வழி இது. ஒவ்வொரு முறையும் துளி உலோகப் பரப்பு போய்விடுகிறது என்பதுதான் இதற்கு அது கொடுக்கும் விலை. மோட்டாரின் சூடும் கூரையின் சூடும் சேர்ந்து இதை விரைவுபடுத்தும். கீழ்த்தள அறையைவிட மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் தொங்கும் கன்டென்சருக்கு வாழ்க்கை கடினம்.

நம் ஊர் ஃபேன்களில் மிகுதியாக இருப்பது 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கன்டென்சர். சிலவற்றில் 2.25 அல்லது 3.15 இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, 440 எதற்கு என்று தோன்றலாம். காயிலோடு தொடராக இருக்கும் கன்டென்சரின் இரு முனைகளுக்கு இடையே, வீட்டு அழுத்தத்தைவிட அதிகமான அழுத்தம் எழுகிறது. அதைத் தாங்கத்தான் அந்த 440. விலை குறைவு என்று குறைந்த வோல்ட் உள்ளதை வாங்கினால் சீக்கிரமே மறுபடி ஏணி ஏற வேண்டியிருக்கும்.

கன்டென்சர் முழுதாகப் போனதா என்று அறிய இன்னொரு சோதனை உண்டு. சுவிட்சைப் போட்டும் ஃபேன் அசையாமல் முனகினால், சுவிட்சை அணையுங்கள். காய்ந்த மரக்குச்சியால் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளிச் சுழல விட்டு, விலகி நின்று சுவிட்சைப் போடுங்கள். தள்ளிய பக்கமே அது மெல்லத் தொடர்ந்து ஓடினால் ரன்னிங் காயில் நன்றாக இருக்கிறது, பேரிங்கும் அப்படியே இறுகிவிடவில்லை, விடுபட்டுப் போயிருப்பது கன்டென்சர் உள்ள பாதை என்று பொருள். அணைத்துவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளினால் அப்போது எதிர்ப்பக்கமே ஓடும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்லும் இரண்டாவது இழுப்பு அதற்கு இல்லாததால் வரும் நடத்தை இது. இந்தப் பாதையில் கன்டென்சர் மட்டுமல்ல, ஸ்டார்ட்டிங் காயிலும் அவற்றை இணைக்கும் ஒயர்களும் இருக்கின்றன. புதுக் கன்டென்சர் போட்டும் இதே நிலை தொடர்ந்தால் சந்தேகம் அவற்றின் மேல் போக வேண்டும். சுற்றாமல் முனகும் ஃபேனை மட்டும் போட்டது போட்டபடி விட்டுவிடாதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும்.

கழற்றுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. பழைய வீடுகளில் ஃபேஸ் ஒயருக்குப் பதில் நியூட்ரல் ஒயரில் சுவிட்ச் போட்டிருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருந்தும் மேலே உயிருள்ள ஒயர் காத்திருக்கும். மெயினையே அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கன்டென்சர் சிறிது மின்சாரத்தைத் தனக்குள் தேக்கி வைத்திருக்கவும் கூடும் என்பதால், அதன் இரு முனைகளையும் பிடி காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒரு கணம் இணைத்துவிடுவது பாதுகாப்பு. இதில் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைப்பதே சரி. ஆனால் மேலே சொன்ன சோதனைகளை நீங்கள் கீழே நின்றே செய்து முடித்திருந்தால், அவரிடம் எதைப் பார்க்கச் சொல்வது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

திருவாரூரில் என் சித்தி வீட்டுக் கூடத்து ஃபேனை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். “போன வருஷந்தான் கன்டென்சர் மாத்துனாங்க தம்பி, மறுபடியும் அதே கதையா இருக்கு” என்றார் சித்தி, வந்திருந்த எலக்ட்ரீஷியனிடம். அவர் ஏணி போடவில்லை. ஃபேனை ஓடவிட்டு அணைத்தார். முனகல் அறுந்தது, ஆனால் அதற்கடியில் மறைந்திருந்த ஒரு கரகரப்பு தொடர்ந்தது. ஃபேன் கடைசியில் பிடித்து இழுத்தது போல நின்றது. “ரெண்டும் இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு மெயினை அணைக்கப் போனார்.

ஃபேனுக்கு மேலே கிண்ணம் போன்ற மூடியை இறக்கிக் கன்டென்சரைக் கழற்றி, கொள்ளளவு பார்க்கும் மீட்டரில் வைத்தார். எழுதியிருந்தது 2.5, மீட்டர் காட்டியது 1.8. ஐந்து சதவீதம் முன்பின் இருப்பது இயல்பு, அதாவது 2.4 அளவுக்குக் காட்டினால் குறை சொல்ல முடியாது. இதுவோ கால் பங்குக்கும் மேல் இழந்திருந்தது. புதியதைப் போட்டதும் ஃபேன் உடனே கிளம்பியது, முனகலும் தணிந்தது. சித்திக்கு நிம்மதி. அவர் மட்டும் திருப்தியடையாமல் அறை ஃபேனையும் போட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கூடத்து ஃபேன் இன்னும் ஒரு படி பின்தங்கியே சுற்றியது. போன வருடமும் இந்த இடத்தில்தான் வேலை நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுக் கன்டென்சர் விசையைக் கூட்டியதும் வேகம் ஏறும். பேரிங்கின் இழுப்பு அதில் மறைந்துபோகும். இழுப்போ மறைவாகக் கூடிக்கொண்டே இருக்கும். பளு கூடிய மோட்டார் அதிகமாகச் சூடேறும். அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் புதுக் கன்டென்சரையும் அரிக்கும்.

ஃபேனை இறக்கும்போது அவர் செய்த ஒரு வேலை எல்லோரும் கேட்டு வாங்க வேண்டியது. மூன்று இறக்கைகளிலும் அவை மாட்டியிருந்த இடங்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதினார். மோட்டாரின் மேல் மூடியும் கீழ் மூடியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். எந்த இறக்கை எங்கிருந்ததோ அங்கேயே திரும்ப மாட்டினால்தான் சமநிலை கெடாது. இல்லையென்றால் பேரிங் சரியாகி, ஃபேன் ஆடத் தொடங்கும்.

சீலிங் ஃபேனில் நடுவில் உள்ள தண்டும் காயிலும் சுற்றுவதில்லை; வெளிக்கூடுதான் சுற்றுகிறது. கூட்டின் மேலும் கீழும் ஒவ்வொரு பேரிங் அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றில் வழக்கமாக வருபவை 6201, 6202 என்ற எண்கள். முதலாவதின் உள்துளை 12 மில்லிமீட்டர், இரண்டாவது 15. எண் பேரிங்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும் என்பதால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போவது நல்லது. சித்தி வீட்டு ஃபேனில் கீழ்ப் பேரிங்கின் கிரீஸ் பழுப்பேறிப் பிசுக்காகக் காய்ந்திருந்தது. விரலில் மாட்டிச் சுழற்றினால் மணல் அரைபடுவது போலத் தடுத்தது. மேல் பேரிங் சுமாராக இருந்தது. இருந்தும் இரண்டையும் மாற்றினார். முழு மோட்டாரையும் பிரித்த பிறகு ஒன்றை மட்டும் மாற்றுவதில் மிச்சம் ஒன்றுமில்லை. புதியதைத் தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் படுமாறு ஒரு குழாயை வைத்து மெல்லத் தட்டினார். வெளி வளையத்தில் தட்டினால் அடி உள்ளேயுள்ள குண்டுகளின் வழியாகப் போகும். அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங்கே முதல் நாளிலிருந்து சத்தம் போடும்.

பேரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் வயதும் சூடும் தூசியும்தான். கடலோர ஊர்களில் உப்புக் காற்றின் துரு இவற்றோடு சேரும். மேலிருந்து தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சில நாள் சத்தம் குறையும் என்பது உண்மை. ஆனால் இந்தப் பேரிங்குகள் இருபுறமும் தகடோ ரப்பரோ மூடி, உள்ளே கிரீஸ் அடைத்து வருபவை. மூடியைத் தாண்டி உள்ளே போகும் கொஞ்ச எண்ணெய், இருக்கும் கிரீஸையும் இளக்கிவிடும். போகாதது தூசியைச் சேர்த்துப் பசையாகும், வழிந்தால் காயிலில் இறங்கும். எண்ணெய் விட்டுத் தள்ளிப்போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மெயினை அணைத்துவிட்டு, மோட்டார்க் கூட்டைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். தொங்கும் கம்பி மொத்தமாக ஆடுவது வேறு. கம்பி நிற்க, கூடு மட்டும் ‘கடக்’ என்று அசைந்தால் பேரிங் நன்றாகவே தேய்ந்துவிட்டது. இதை விட்டுவைக்கக் கூடாது. சுற்றும் பாகத்துக்கும் காயில் இருக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரிங் தேய்ந்தால் சுற்றும் பாகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கம் காந்தம் அதிகமாக இழுக்கும். அப்போது மின்சார முனகலும் கூடும். காது சோதனைக்கு இருக்கும் எல்லை இங்கேதான். சுவிட்சை அணைத்ததும் முனகல் அறுகிறது என்பதால் மட்டும் பேரிங் குற்றமற்றது என்று முடிவு கட்ட முடியாது; நிற்கும் விதத்தையும் இந்த அசைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தண்டே தேய்ந்து, பேரிங்கின் உள் வளையம் அதன் மேல் வழுக்கிச் சுற்றும் அளவுக்குப் போயிருந்தால், புது பேரிங் நிற்காது.

கன்டென்சர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை பாக்கியிருக்கிறது. 2.5 இருந்த இடத்தில் 3.15 அல்லது 4 போட்டால் காற்று நன்றாக வரும் என்று சிலர் மாற்றித் தருகிறார்கள். முதலில் வேகம் சற்றுக் கூடவும் செய்யும். ஆனால் ஸ்டார்ட்டிங் காயில் மெல்லிய கம்பியில் சுற்றப்பட்டது. எந்த அளவு மின்னோட்டம் அதற்குத் தகும் என்று கணக்கிட்டுத்தான் கன்டென்சரின் அளவைக் குறித்திருக்கிறார்கள். பெரிய கன்டென்சர் அதற்கு மேல் மின்னோட்டத்தை அனுப்பும். முனகல் கூடும், கூடு கை வைக்க முடியாமல் கொதிக்கும், நாளடைவில் காயிலின் பூச்சு கருகும். கழற்றியதில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணைப் போடுங்கள். விலை பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும் பொருள் இது. முன்பு யாரோ தவறாக மாற்றியிருக்கலாம் என்று சந்தேகமிருந்தால், அதே மாதிரி ஃபேன் வேறொன்றில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

பழி கன்டென்சர் மேலும் பேரிங் மேலும் விழுந்து, இரண்டும் நல்லபடியாக இருக்கும் வீடுகளும் உண்டு. மாலையில் ஊர் முழுக்க மோட்டாரும் ஏசியும் ஓடும் நேரத்தில் மட்டும் ஃபேன் மெதுவாகி, நள்ளிரவுக்குப் பிறகு தானே வேகம் பிடித்தால் அது மின்னழுத்தக் குறைவு. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் மோட்டாரின் தள்ளுவிசை ஐந்தில் மூன்று பங்குக்கு இறங்கிவிடும், ஏனென்றால் விசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அப்போது வீட்டிலுள்ள எல்லா ஃபேனும் ஒன்றாக மெதுவாகும் என்பதே அடையாளம். ரெகுலேட்டரின் ஒரு எண்ணில் மட்டும் வேகம் விழுந்து ஐந்தில் சரியாக ஓடினால், குற்றம் ரெகுலேட்டருக்குள். படிப்படியாக வேகம் மாற்றும் இன்றைய ரெகுலேட்டர்களுக்குள்ளும் கன்டென்சர்கள்தான் இருக்கின்றன. அவையும் இதே போலத் தேயும். குமிழைத் திருகித் திருகி வேகத்தைச் சீராகக் கூட்டும் வகை, மின்சார அலையை நறுக்கி அனுப்புவதால், நல்ல ஃபேனிலும் நடு வேகத்தில் முனகலைக் கிளப்பும். ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன்களில் நாம் பேசிய இரட்டைக் காயில் அமைப்பே கிடையாது. அவற்றின் வேகம் குறைந்தால் எலக்ட்ரானிக் பலகையைப் பார்க்க வேண்டும். பேரிங் பற்றிச் சொன்னவை மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.

மின்னழுத்தம் சரி, ரெகுலேட்டர் ஐந்தில் இருக்கிறது, கன்டென்சர் புதிது, பேரிங் தடையில்லாமல் சுழல்கிறது. அப்படியும் ஃபேன் மெதுவாக முனகிக்கொண்டு, கொஞ்ச நேரத்திலேயே கூடு கொதித்து, வார்னிஷ் கருகும் வாடை வந்தால், அப்போதுதான் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். காயிலின் சுற்றுகள் சில தமக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே புதுக் காயில் கட்டச் சொல்லும் கூலியைக் கேட்டுவிட்டு, புது ஃபேன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 முதல் இந்தியாவில் சீலிங் ஃபேன்களில் நட்சத்திரக் குறி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. எழுபத்தைந்து வாட் வாங்கும் பழைய ஃபேனுக்குப் புதுக் காயில் கட்டுவதைவிட, அதில் பாதிக்கும் குறைவாக வாங்கும் பிஎல்டிசி ஃபேனுக்கு அந்தக் கூலியை முன்பணமாக வைப்பது, நாளெல்லாம் ஃபேன் ஓடும் கூடத்துக்குக் கணக்காக இருக்கும். எப்போதாவது போடும் விருந்தினர் அறைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அங்கே காயில் கட்டிக்கொள்வதே போதும்.